ஆப் காட்டும் 24 சதவீதத்தில் விட்டுப்போனது என்ன?

கேள்வி: ஐயா, பாம்பனில் கருவாட்டு வியாபாரம் செய்கிறேன். 2018 ஆகஸ்ட் கடைசியில், அந்த வருட டிவிடெண்ட் முடிந்த பிறகு, ஒரு கம்பெனியின் 400 பங்குகளை 250 ரூபாய் விலையில் வாங்கினேன். மொத்தம் 1 லட்சம். 2025 ஆகஸ்ட் கடைசியில் விலை 310. ஏழு வருடத்துக்கு 24% லாபம் என்று ஆப் காட்டுகிறது. இடையில் வந்த டிவிடெண்டை எல்லாம் வீட்டுச் செலவுக்கு எடுத்துவிட்டேன். பாஸ்புக்கில் கூட்டினால் 35,400 வருகிறது. "எஃப்.டி.யில் போட்டிருந்தால் தேவலை" என்கிறார் என் மச்சான். டிவிடெண்டைத் திரும்ப அதே பங்கில் போட்டிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும்? இனிமேல் அப்படிச் செய்யலாமா? நான் 20% வரி ஸ்லாபில் இருக்கிறேன். இன்னொன்று, அம்மா பெயரில் இதே கம்பெனியின் 50 பங்கு காகிதச் சான்றிதழாகக் கிடக்கிறது. அதற்கு டிவிடெண்ட் வந்து வெகுநாள் ஆகிறது. விவரங்களை இணைத்திருக்கிறேன்.

பதில்: முதலில் உங்கள் பாஸ்புக் கூட்டலைச் சரிசெய்துவிடுவோம். நீங்கள் அனுப்பிய விவரப்படி பங்கு ஒன்றுக்குக் கம்பெனி கொடுத்தது 2019-இலும் 2020-இலும் 10 ரூபாய், 2021-இல் 12, 2022-இல் 14, 2023-இல் 15, 2024-இலும் 2025-இலும் 16. கூட்டினால் 93 ரூபாய். 400 பங்குக்கு 37,200 வர வேண்டும். பாஸ்புக்கில் 1,800 குறைகிறது.

அந்த 1,800 எங்கும் தொலைந்துபோகவில்லை. 2022-இல் உங்களுக்குச் சேர வேண்டியது 5,600. பாஸ்புக்கில் ஏறியது 5,040. 2023-இல் 6,000-க்கு 5,400, 2024-இல் 6,400-க்கு 5,760. மூன்று வருடமும் 10% டி.டி.எஸ். பிடித்திருக்கிறார்கள். ஒரே கம்பெனியிடமிருந்து ஒரு நிதியாண்டில் வரும் டிவிடெண்ட் 5,000 ரூபாயைத் தாண்டினால் பிடித்தம் உண்டு என்பது அப்போதைய விதி. 2025 ஏப்ரலிலிருந்து அந்த வரம்பு 10,000 ஆகிவிட்டது. அதனால்தான் இந்த வருடம் 6,400 முழுதாக ஏறியிருக்கிறது. பிடித்த தொகை உங்கள் பேன் எண்ணில் வரவாகி, வருமான வரித் தளத்தில் `Form 26AS`-இல் இருக்கும். அந்தந்த வருடக் கணக்கைத் தாக்கல் செய்தபோது அதைக் கழித்துக்கொண்டீர்களா என்று உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள். லாபக் கணக்குப் போடும்போது எப்போதும் கம்பெனி அறிவித்த முழுத் தொகையை எடுங்கள், வரியைத் தனியாகக் கழியுங்கள். பாஸ்புக் தொகையை எடுத்தால் சில வருடம் வரி போனது, சில வருடம் போகாதது என்று இரண்டும் கலந்துவிடும்.

இப்போது ஆப் காட்டும் 24 சதவீதத்துக்கு வருவோம். 250 ரூபாய் 310 ஆனது 24% உயர்வுதான், அதில் பொய் இல்லை. கூட்டு வட்டிக் கணக்கில் ஏழு வருடத்துக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 3.1%. ஆனால் அது விலையில் வந்த லாபம் மட்டும். உங்கள் ஊரில் ஒருவர் நாட்டுப்படகு வாங்கி ஏழு வருடம் தொழில் செய்துவிட்டு, வாங்கிய விலையையும் விற்ற விலையையும் மட்டும் வைத்து லாப நட்டம் பேசினால், பிடித்த மீன் எங்கே என்று கேட்பீர்கள் அல்லவா? ஆப் அந்த மீனைக் கணக்கில் எடுப்பதில்லை. டிவிடெண்ட் நேராக வங்கிக் கணக்குக்குப் போய்விடுவதால் பெரும்பாலான புரோக்கர் ஆப்களின் லாப நட்டப் பக்கத்தில் அது வருவதே இல்லை. விலை வரைபடங்களும் இப்படித்தான். இலவசமாகத் தரும் போனஸ் பங்கோ, ஒரு பங்கைப் பலவாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டோ வந்தால் பழைய விலையைத் திருத்திக் காட்டுவார்கள், டிவிடெண்டுக்குப் பெரும்பாலும் திருத்த மாட்டார்கள். டிவிடெண்ட் உரிமை கழியும் நாளில் பங்கு விலை ஏறக்குறைய அந்த அளவுக்கு இறங்கித்தான் தொடங்கும். வரைபடத்தில் அந்த இறக்கம் தெரியும், அதற்கு ஈடாக உங்கள் வங்கியில் ஏறிய பணம் தெரியாது.

டிவிடெண்டைச் செலவு செய்திருந்தாலும் அது உங்கள் லாபம்தான். 1,24,000-உடன் 37,200 சேர்த்தால் 1,61,200. இதை 61% என்று சொல்லிவிடலாம். ஆனால் 2019-இல் வந்த பணமும் 2025-இல் வந்த பணமும் ஒன்றல்ல, எது எப்போது வந்தது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அதற்கு எக்செலிலோ கூகுள் ஷீட்டிலோ இரண்டாவது வரியில் தொடங்கி, A நெடுவரிசையில் தேதிகளையும் பக்கத்தில் B-இல் தொகைகளையும் போடுங்கள். வாங்கிய 1,00,000-ஐ மைனஸாக, ஏழு டிவிடெண்டுகளையும் பிளஸாக, கடைசி வரியில் இன்றைய மதிப்பு 1,24,000. ஒன்பது வரிதான். பிறகு இதைத் தட்டுங்கள்:

```
=XIRR(B2:B10, A2:A10)
```

7.9% அளவில் விடை வரும். நீங்கள் உண்மையில் சம்பாதித்தது இந்த விகிதத்தில்தான், வரிக்கு முன். ஆப் சொன்ன 24 சதவீதத்திலிருந்து வந்த 3.1-க்கும் இதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்.

சரி, திரும்பப் போட்டிருந்தால்? இந்தக் கணக்கை ரூபாயில் பார்ப்பதைவிடப் பங்கு எண்ணிக்கையில் பார்ப்பது எனக்குப் பிடிக்கும், அப்போதுதான் உள்ளே நடப்பது தெரியும். நம் நாட்டில் டிவிடெண்டைக் கம்பெனியே பங்காக மாற்றித் தரும் ஏற்பாடு இல்லை, அரைப் பங்கு கால் பங்கு வாங்கவும் முடியாது. ஆகவே பணம் வங்கிக்கு வந்த அன்றைய விலையில் முழுப் பங்காக வாங்கி, மீதிச் சில்லறையை அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்வதாகப் போட்டிருக்கிறேன். விலைகள் நீங்கள் அனுப்பிய தாளில் உள்ளவை.

| ஆண்டு | பங்குக்கு டிவிடெண்ட் (₹) | அன்றைய விலை (₹) | வாங்கிய பங்கு | கையிருப்பு |
|---|---|---|---|---|
| 2019 | 10 | 240 | 16 | 416 |
| 2020 | 10 | 160 | 27 | 443 |
| 2021 | 12 | 200 | 26 | 469 |
| 2022 | 14 | 220 | 30 | 499 |
| 2023 | 15 | 280 | 27 | 526 |
| 2024 | 16 | 320 | 26 | 552 |
| 2025 | 16 | 310 | 28 | 580 |

முதல் வருடத்தை மட்டும் கையால் போட்டுப் பாருங்கள். 400 பங்குக்கு 10 ரூபாய் வீதம் 4,000. விலை 240. 16 பங்கு வாங்கினால் 3,840, மீதி 160. அடுத்த வருடம் 416 பங்குக்கு டிவிடெண்ட் 4,160, பழைய மீதி 160, மொத்தம் 4,320. விலை 160. சரியாக 27 பங்கு. இப்படியே போனால் 2025-இல் 580 பங்கும் 255 ரூபாய்ச் சில்லறையும் இருக்கும். மதிப்பு 1,80,055. ஆண்டுக்கு 8.8%. ஆக, ஒரே பங்கு, ஒரே ஏழு வருடம். விலை மட்டும் பார்த்தால் 24%, டிவிடெண்டைத் திரும்பப் போட்டுப் பார்த்தால் 80%.

இந்த அட்டவணையில் நான் உங்களைக் கொஞ்சம் நின்று பார்க்கச் சொல்வது 2020 வரியைத்தான். அந்த வருடம் 4,320 ரூபாய்க்கு 27 பங்கு வந்தது. 2024-இல் 8,320 ரூபாய், ஏறக்குறைய இரண்டு மடங்குப் பணம் போட்டும் வந்தது 26 பங்கு. 2020-இல் வாங்கியிருக்கக்கூடிய அந்த 27 பங்கின் இன்றைய மதிப்பு 8,370. அதற்குமேல் அடுத்த ஐந்து வருடத்தில் அவை மட்டுமே 1,971 ரூபாய் டிவிடெண்டும் தந்திருக்கும். ஆனால் அன்றைக்கு இருந்த நிலையை நினைத்துப் பாருங்கள். 1 லட்சம் போட்ட பணம் 64,000 ஆகி நிற்கிறது, ஊரடங்கில் வியாபாரமும் படுத்திருக்கிறது. வந்த 4,000 ரூபாயை மறுபடி அதே பங்கில் போட எத்தனை பேருக்கு மனம் வரும்? அதனால்தான் இந்த 80% என்பதைத் தாளில் போடுவது சுலபம், கையில் எடுப்பது கஷ்டம். நல்ல வருடத்தில் போட்டுவிட்டுக் கெட்ட வருடத்தில் நிறுத்துபவருக்கு இந்தத் தொகை வராது.

விலை இறங்கியது உண்மையிலேயே உதவியதா என்று சந்தேகம் வரலாம். அதையும் போட்டுப் பார்த்தேன். டிவிடெண்ட் எல்லாம் இதேதான், கடைசி விலையும் 310-தான், ஆனால் 2019-இலேயே விலை 310-க்கு ஏறி அங்கேயே அசையாமல் நின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆப் அப்போதும் 24% தான் காட்டும். ஆனால் திரும்பப் போட்டதில் 580 பங்குக்குப் பதில் 536 பங்குதான் சேர்ந்திருக்கும், மதிப்பு 1,66,000 சொச்சம். 14,000 ரூபாய் வித்தியாசம். இது முழுக்க இடையில் விலை மலிந்து கிடந்த வருடங்களில் வாங்கியதால் வந்தது. தொடக்க விலை, முடிவு விலை, டிவிடெண்ட் மூன்றும் ஒன்றாக இருந்தாலும் நடுவில் விலை போன பாதை மொத்த லாபத்தை மாற்றுகிறது. விலை லாபத்தைப் பார்த்தால் இது தெரியவே தெரியாது.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. விலை மலியும்போது டிவிடெண்ட் குறையாமல் இருக்க வேண்டும், பிறகு விலையும் மீள வேண்டும். உங்கள் கம்பெனி 2020-இலும் 10 ரூபாயைக் குறைக்கவில்லை. அது லாபத்திலிருந்து வந்ததா என்பதைப் பார்த்தீர்களா? ஆண்டறிக்கையில் பங்கு ஒன்றுக்கு ஈட்டிய லாபம் என்று ஒரு வரி இருக்கும். டிவிடெண்ட் வருடக்கணக்காக அந்த எண்ணுக்குள் அடங்கியிருந்தால் சரி. லாபம் 8 ரூபாய், கொடுத்தது 10 ரூபாய் என்று தொடர்ந்தால் கையிருப்பைக் கரைத்துத் தருகிறார்கள், அல்லது கடன் வாங்கித் தருகிறார்கள். எதையாவது விற்ற பணத்தில் ஒருமுறை தரும் சிறப்பு டிவிடெண்டையும் தனியாக வைத்துப் பாருங்கள், அது அடுத்த வருடம் வராது.

அதிக டிவிடெண்ட் என்றாலே மொத்த லாபமும் அதிகம் என்று நினைப்பவர்களுக்கு நான் காட்டுவது கோல் இந்தியாவை. 2010-இல் 245 ரூபாய்க்குப் பொதுமக்களுக்கு வந்த பங்கு அது. தாராளமாகக் கொடுத்தார்கள். 2014 ஜனவரியில் ஒரே தவணையில் 29 ரூபாய். முதல் பத்து வருடத்தில் பங்குக்கு 150 ரூபாய்க்கு மேல் டிவிடெண்டாகவே வந்திருக்கும். ஆனால் 2020 அக்டோபர் கடைசியில் விலை வெளியீட்டு விலையில் பாதிகூட இல்லை. விலை மட்டும் பார்த்தவர் பாதிப் பணம் போய்விட்டது என்றார். டிவிடெண்டைச் சேர்த்துப் பார்த்தால் போட்ட பணம் போகவில்லை என்பது தெரியும், ஆனால் பத்து வருடத்துக்கு எஃப்.டி. தந்திருக்கக்கூடிய அளவும் வரவில்லை. மொத்த லாபக் கணக்கு ஒரு பங்கை நல்ல பங்காக ஆக்கிவிடாது, உள்ளதை உள்ளபடி காட்டும், அவ்வளவுதான். அந்தப் பங்கு பிற்பாடு நன்றாக ஏறியது என்பதும் உண்மை, 2020-இல் டிவிடெண்டைத் திரும்பப் போட்டவர்களுக்கு அது பலன் தந்தது.

இனி நீங்கள் எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கும் ஒரு விஷயம். ஏழு வருடமும் டிவிடெண்டைத் திரும்பப் போட்டிருந்தாலும் ஆப் உங்களுக்கு இன்று 24% தான் காட்டியிருக்கும்! எப்படி என்றால், டிவிடெண்டில் வாங்கிய பங்குகளை ஆப் புது முதலீடாக எடுத்துக்கொள்ளும். முதல் 1,00,000, பிறகு வாங்கிய 180 பங்குக்கு 44,520, ஆக முதலீடு 1,44,520 என்று காட்டும். 580 பங்கின் மதிப்பு 1,79,800. லாபம் 35,280, அதாவது 24.4%. உங்கள் பையிலிருந்து போனது 1 லட்சம் மட்டுமே என்பது ஆப்புக்குத் தெரியாது. திரும்பப் போடுகிறவர்கள் பலர் "இத்தனை வருடம் போட்டும் ஒன்றும் ஏறவில்லையே" என்று சலித்துப்போய் நிறுத்துவதை நான் பார்த்திருக்கிறேன், காரணம் இந்த எண்தான். வெளியிலிருந்து புதிதாகப் போட்ட பணம் எவ்வளவு, இன்றைய மதிப்பு எவ்வளவு என்று ஒரு நோட்டில் தனியாக எழுதி வையுங்கள், அது போதும். ஆப் காட்டும் அந்த 1,44,520-க்கும் ஒரு பயன் இருக்கிறது. விற்கும்போது மூலதன ஆதாய வரிக்கு அடக்க விலை அதுதான். டிவிடெண்டுக்கு ஏற்கெனவே வரி கட்டிவிட்டதால் அது முழுதும் அடக்கத்தில் சேரும்.

வரியைச் சொல்லாமல் உங்கள் மச்சானுக்குப் பதில் சொல்ல முடியாது. 2020 மார்ச் வரை கம்பெனியே டிவிடெண்ட் வரியைக் கட்டிவிட்டுக் கொடுத்தது, உங்களைப் போன்ற சிறு முதலீட்டாளர் கையில் வரி இல்லை. 2020 ஏப்ரலிலிருந்து வாங்குபவர் தன் ஸ்லாப்படி கட்ட வேண்டும். உங்களுக்கு 20%, செஸ்ஸை இங்கே விட்டுவிடுகிறேன். 2020 முதல் வந்த ஒவ்வொரு டிவிடெண்டிலும் ஐந்தில் ஒரு பங்கை எடுத்து வைத்துவிட்டு மீதிக்கு வாங்கியிருந்தால் 580-க்குப் பதில் 543 பங்கு சேர்ந்திருக்கும். மதிப்பு 1,68,600 அளவில், ஆண்டுக்கு 7.75%. வருடத்துக்கு ஒரு சதவீதத்தை வரி தின்றுவிடுகிறது. பத்திரிகையிலும் விளம்பரத்திலும் காட்டும் மொத்த லாப எண்ணில் இந்த வரி கழிக்கப்பட்டிருக்காது, அதை நினைவில் வையுங்கள்.

நீங்கள் உண்மையில் செய்தது, அதாவது செலவு செய்தது, வரி போக 7% அளவுக்கு வருகிறது. எஃப்.டி.க்கு 7% வட்டி என்றே வைத்துக்கொள்வோம். அந்த வட்டிக்கும் இதே 20% வரி. கையில் நிற்பது 5.6%, 1 லட்சம் ஏழு வருடத்தில் 1,46,400 ஆகும். டிவிடெண்டைத் திரும்பப் போட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய 1,68,600 இதைவிட 22,000 அதிகம். உங்கள் விஷயத்தில் பங்குதான் நன்றாகச் செய்திருக்கிறது. ஆனால் மச்சான் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எஃப்.டி. 2020 ஆகஸ்டில் 64,000 ஆகியிருக்காது. அந்தச் சமயத்தில் அவசரத் தேவைக்கு விற்க வேண்டியிருந்தால் மேலே போட்ட கணக்கு எதுவுமே உங்களுக்குப் பொருந்தாது. அந்த அதிகப்படிப் பணம், 2020-இல் விற்காமல் இருந்ததற்கான கூலி.

இனிமேல் போடலாமா என்றால், போடலாம். ஆனால் முதலில் மீன்பிடித் தடைக்காலத்துக்கான பணத்தை ஒதுக்குங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாத சமயத்தில் உங்கள் வியாபாரமும் மந்தமாகத்தான் இருக்கும். உங்கள் டிவிடெண்ட் வருவதோ ஆகஸ்டில். ஆகஸ்ட் பணத்தை அப்படியே பங்கில் போட்டுவிட்டு அடுத்த மே மாதம் வீட்டுச் செலவுக்காகப் பங்கை விற்பது இரட்டை வேலை, அந்த மே மாதம் விலை எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. வீட்டுக்கு 6,400-உம் வேண்டும் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள், அதில் தப்பே இல்லை. உங்கள் லாபம் 8.8 அல்ல, 7.9 என்று மட்டும் தெரிந்து வைத்திருங்கள்.

வீட்டுக்கு வேண்டாம் என்றால், வரிக்கு 1,280 எடுத்து வைத்துவிட்டு மீதி 5,120-க்கு வாங்குங்கள். உங்கள் புரோக்கர் ஒவ்வொரு ஆர்டருக்கும் 20 ரூபாய் எடுப்பவர் என்றால் 5,000 ரூபாய்க்கு அது 0.4%, பொறுத்துக்கொள்ளலாம். இரண்டு மூன்று தவணையாக டிவிடெண்ட் தரும் கம்பெனியாக இருந்தால் சேர்த்து வைத்து வருடத்துக்கு ஒருமுறை வாங்குங்கள்.

அதே பங்கிலேயேதான் போட வேண்டுமா என்பதுதான் எனக்கு உள்ள தயக்கம். ஏழு வருடத்தில் 400 பங்கு 580 ஆவது நல்லதுதான், ஆனால் ஒரே கம்பெனியின் மேல் உங்கள் பாரம் அந்த அளவுக்கு ஏறுகிறது. டிவிடெண்டை ஒரு நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டின் குரோத் திட்டத்தில் போடுவதையும் யோசியுங்கள். அங்கே 50 கம்பெனிகளின் டிவிடெண்டும் ஃபண்டுக்குள்ளேயே வந்து மறுபடி முதலீடாகிவிடும். அந்த டிவிடெண்டுக்கு வருடா வருடம் உங்கள் ஸ்லாபில் வரி இல்லை. விற்கும்போதுதான் வரி, ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் அதுவும் ஒரு நிதியாண்டில் பங்கு, பங்கு ஃபண்டு எல்லாம் சேர்ந்த நீண்டகால ஆதாயம் 1.25 லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு 12.5%. நீங்கள் கையால் செய்ய வேண்டிய திரும்பப் போடுதலை, மனம் வருகிறதோ இல்லையோ, ஃபண்டு செய்துவிடும். அதன் லாபத்தை எதனோடு ஒப்பிடுவது என்றால், செய்தியில் சொல்லும் நிஃப்டி எண்ணோடு அல்ல. அது விலை மட்டும். நிஃப்டி 50 டி.ஆர்.ஐ. என்று டிவிடெண்டையும் சேர்த்த குறியீடு தனியாக இருக்கிறது. ஃபண்டு நிறுவனங்கள் அதனோடுதான் தங்களை ஒப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று செபி 2018 பிப்ரவரியிலிருந்து விதித்திருக்கிறது. அதற்கு முன் விலைக் குறியீட்டை மட்டும் தாண்டிவிட்டுச் சாமர்த்தியம் காட்ட வழி இருந்தது.

அம்மாவின் 50 பங்கை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், இந்த வாரமே பாருங்கள். ஏழு வருடம் தொடர்ந்து டிவிடெண்ட் வாங்கப்படாமல் கிடந்தால் அந்தப் பணம் மட்டுமல்ல, பங்குகளே மத்திய அரசின் முதலீட்டாளர் கல்வி, பாதுகாப்பு நிதிக்கு மாறிவிடும். கம்பெனியின் இணையதளத்தில் முதலீட்டாளர் பகுதியில் வாங்கப்படாத டிவிடெண்ட் பட்டியல் இருக்கும், அதில் அம்மா பெயரையும் ஃபோலியோ எண்ணையும் தேடுங்கள். இன்னும் மாறவில்லை என்றால் கம்பெனியின் பங்குப் பதிவாளருக்கு `ISR-1` படிவத்தில் பேன், முகவரி, வங்கி விவரங்களைக் கொடுங்கள். காகிதப் பங்குக்கு 2024 ஏப்ரலிலிருந்து டிவிடெண்டை வாரன்ட்டாகத் தபாலில் அனுப்புவதில்லை, கே.ஒய்.சி. சரியாக இருந்தால்தான் வங்கிக்கு அனுப்புகிறார்கள். வராமல் நின்றதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். கே.ஒய்.சி. சரியானதும் அம்மா பெயரிலேயே டீமேட் கணக்கு தொடங்கி அந்த 50 பங்கையும் மாற்றிவிடுங்கள். ஏற்கெனவே நிதிக்குப் போயிருந்தாலும் திரும்பக் கேட்கலாம், `IEPF-5` படிவம் போட வேண்டும். மாதக்கணக்கில் இழுக்கும் வேலை அது. சான்றிதழில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். தலைப்பெழுத்து ஒன்று மாறியிருந்தாலும் கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள்.